"இதைக் குறிப்பில் ஏற்றாதீர்கள்" என்று சொன்னதை என்ன செய்வது?

சாட்ஸ்வர்த் செயலாளர்: எங்கள் கோவில் கூரை வேலைக்கு இரண்டு விலைப்புள்ளிகள் வந்தன. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒருவர், "இதைக் குறிப்பில் ஏற்றாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, குறைந்த விலை கேட்டவர் தன் மனைவியின் தம்பி என்றார். மற்ற ஒப்பந்தக்காரர் வேறொரு கோவிலில் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டவர் என்றும் சொன்னார். வேலை மைத்துனருக்கே போயிற்று. கூட்டக் குறிப்பில் நான் என்ன எழுதுவது?

பீனிக்ஸ்வாசி: ஒரு வரி விடாமல் எழுதுங்கள் தம்பி. அது பக்தர்களின் காசு. பேசிவிட்டு மறைக்க இதென்ன திண்ணைப் பேச்சா?

பழைய கணக்காளர்: ஐயா சொல்வதில் பாதிதான் சரி. தம்பி, கோவில் எப்படிப் பதிவாகியிருக்கிறது?

சாட்ஸ்வர்த் செயலாளர்: இலாப நோக்கமற்ற கம்பெனியாக, அம்மா. குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் இயக்குநர்கள்.

பழைய கணக்காளர்: அப்படியானால் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பொருந்தும். அவர் ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். மைத்துனர் உறவு, 75ஆம் பிரிவின்படி அவர் சொல்லியே ஆக வேண்டியது. அப்படிச் சொன்னதைக் குறிப்பில் ஏற்ற வேண்டும் என்கிறது 73ஆம் பிரிவு. அவர் வேண்டாம் என்றாலும், தலைவரே தலையசைத்தாலும் அதை விட முடியாது. முன்பணக் கதை வேறு. அதற்குச் சான்று இல்லை, அந்த ஒப்பந்தக்காரரும் அங்கே இல்லை. தலைவர் கையெழுத்திட்டால் குறிப்பே கூட்டத்துக்குச் சாட்சி. நாளை அந்த ஒப்பந்தக்காரர் அவதூறு என்று வழக்குப் போட்டால் உங்கள் குறிப்பைத்தான் முதலில் கேட்பார். "இரண்டாவது ஒப்பந்தக்காரரின் முந்தைய வேலை பற்றிக் கேள்வி எழுந்தது" என்பதோடு நிறுத்துங்கள்.

பீனிக்ஸ்வாசி: அப்படியானால் அவரை ஏன் ஒதுக்கினோம் என்று நாளை வருபவனுக்கு எப்படித் தெரியும்?

பழைய கணக்காளர்: விலையைப் பார்த்து ஒதுக்கியிருந்தால் விலையை எழுதலாம். வதந்தியைக் கேட்டு ஒதுக்கியிருந்தால், கோளாறு முடிவில் இருக்கிறது, குறிப்பில் இல்லை. தம்பி, உறவைச் சொன்ன பிறகு அவர் வெளியே போனாரா?

சாட்ஸ்வர்த் செயலாளர்: இல்லை. உட்கார்ந்திருந்தார், கையும் தூக்கினார்.

பழைய கணக்காளர்: அதுதான் பெரிய சிக்கல். சொன்னதும் அறையை விட்டுப் போயிருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் அவர் இல்லாமல் மறுபடி வாக்கெடுங்கள். பழைய குறிப்பில் அவர் வெளியேறியதாக எழுதிவிடாதீர்கள். நடந்ததை நடந்தபடியே வையுங்கள்.

மாரிட்ஸ்பர்க் அண்ணன்: எங்கள் சங்கத்தில் செயலாளர் எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிவு செய்கிறார். நான் அர்ச்சகரைப் பற்றிச் சொன்னதும் அதில் இருக்கிறது. அழிக்கச் சொல்லலாமா?

பழைய கணக்காளர்: குறிப்பு ஒப்புதலானதும் பதிவை அழிப்பது பல சங்கங்களில் வழக்கம். தகராறு கிளம்பிய பிறகு அழித்தால் சாட்சியை அழித்ததாகத்தான் பார்ப்பார்கள். உங்களிடம் ஏற்கெனவே தகராறு இருக்கிறதோ?

மாரிட்ஸ்பர்க் அண்ணன்: கொஞ்சம்.

பீனிக்ஸ்வாசி: முன்பணக் கதை உண்மையாக இருந்து, நாளை அவர் மற்றொரு கோவிலை ஏமாற்றினால்? நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை அம்மா.

சாட்ஸ்வர்த் செயலாளர்: தலைவரிடம் பேசினேன். மறுவாக்கெடுப்புக்குச் சம்மதித்தார். உறுப்பினர்தான் உறவு விஷயம் குறிப்பில் வரக்கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறார்.

பழைய கணக்காளர்: 73ஆம் பிரிவை அச்செடுத்து அவரிடம் கொடுங்கள்.