புத்தகப் பெறுமதியைப் பார்த்து பங்கு வாங்கியவர்கள், அனுபவத்தை எழுதுங்கள்

வெள்ளவத்தையான்: கம்பனியின் சொத்திலிருந்து கடனைக் கழித்துப் பங்கு எண்ணிக்கையால் வகுத்தால் வரும் புத்தகப் பெறுமதி 95 ரூபாய், சந்தையில் விலை 38. விகிதம் 0.4 என்றதும் யோசிக்காமல் வாங்கினேன். மூன்று வருஷம் விலை அசையவில்லை. பொதுக்கூட்டத்துக்குப் போனேன். முன்வரிசையில் ஒரு வயசானவர் எழும்பி, "அந்தக் காணியை எப்போது விற்பீர்கள்?" என்று கேட்டார். பணிப்பாளர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "அதன்மேல்தானே ஐயா எங்கள் தொழிற்சாலை நிற்கிறது." வீட்டுக்கு வந்து ஆண்டறிக்கையைப் பிரித்தேன். 95இல் 60 ரூபாய் காணியின் மீள்மதிப்பீட்டு ஒதுக்கம், அதாவது மதிப்பீட்டாளர் காணியின் விலையைக் கூட்டி எழுதியதால் ஏறிய தொகை. அதை எடுத்தால் மீதி 35. நான் கொடுத்த 38 மலிவே இல்லை.

கொட்டாஞ்சேனை அக்கா: தம்பி, பயப்படாதீர்கள். கம்பனியை மூடினாலும் காணி இருக்கிறதே, 95 கைக்கு வரும்.

பழைய கணக்காய்வாளர்: அக்கா, காணிக்குப் பெறுமதி உண்டு என்பது சரி. ஆனால் மூடும்போது வங்கிக் கடனும் ஊழியர் பணிக்கொடையும் முதலில் போகும். அவசர விற்பனையில் மதிப்பீட்டாளர் எழுதிய விலையும் கிடைக்காது. அதைவிடப் பெரிய விஷயம், தொழில் நட்டத்தில் ஓடினாலும் புத்தகப் பெறுமதி ஏறலாம். பங்குக்கு 5 ரூபாய் நட்டம், காணி 8 ரூபாய் கூடியது என்று வையுங்கள். அந்த 8 இலாபக் கணக்கைத் தொடாமல், ஏனைய முற்றடக்க வருமானம் வழியாக ஒதுக்கத்துக்குப் போகிறது. வரியை விட்டுப் பார்த்தால் 95 அடுத்த வருஷம் 98 ஆகிவிடும். உரிமையாண்மை மாற்றக் கூற்றில் மீள்மதிப்பீட்டு ஒதுக்கம் வளர, பக்கத்தில் தக்கவைத்த இலாபம் தேய்ந்துகொண்டே போனால், அந்த ஏற்றம் தொழிலிலிருந்து வந்ததல்ல. குழுமக் கம்பனி என்றால் இன்னொன்றும் பாருங்கள்: மொத்த உரிமையாண்மையைப் பங்கு எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். துணைக் கம்பனிகளில் வெளியாருக்குள்ள பங்கைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். இதை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

பம்பலப்பிட்டி வாசி: எனக்கு நேர்மாறு. புத்தகப் பெறுமதி 20, விலை 60. மூன்று மடங்கு என்று விற்றுவிட்டேன். அந்தக் கம்பனி காணியை வாங்கிய விலையிலேயே வைத்திருந்தது, கணக்கு நியமம் இரண்டு முறையையும் அனுமதிக்கிறது. காணி கொழும்பு 3இல், அதுவும் வெற்றுக் களஞ்சியம். விற்க எந்தத் தடையும் இல்லை. நான் குறிப்புகளைப் பார்க்கவே இல்லை.

ரவி: முகப்பெறுமதி 10 ரூபாய்தானே? 95 எங்கிருந்து வந்தது?

பழைய கணக்காய்வாளர்: தம்பி, அது வேறு. 2007 கம்பனிச் சட்டத்தோடு இங்கே முகப்பெறுமதி போய்விட்டது.

வெள்ளவத்தையான்: ஐயா, வங்கிப் பங்குகளுக்குக் காணி பெரிதில்லை. 2022இல் அரசு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியபோது, வங்கிகளின் கையிலிருந்த டொலர் முறிகளுக்கு எவ்வளவு நட்ட ஏற்பாடு போதும் என்று எப்படிக் கணிப்பது?

பழைய கணக்காய்வாளர்: அதில் வங்கிக்கு வங்கி ஊகம் வேறுபட்டது. என்னிடம் ஒரே பதில் இல்லை தம்பி.