அப்பச்சி பள்ளத்தூர் திரும்புகிறார்: டாக்டர் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

பள்ளத்தூரான், சிங்கப்பூர்
நான் இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. பார்க்க வந்த அப்பச்சிக்கு, வயது 64, ஏப்ரல் கடைசியில் ஹார்ட் அட்டாக். ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அடுத்த வாரம் ஊர் திரும்புகிறார். காரைக்குடி டாக்டரிடம் காட்ட ஒரு பக்கக் கடிதம் தந்திருக்கிறார்கள். அதில் கிரியாட்டினின் 106 என்று இருக்கிறது. ஆத்தா, கிட்னியும் போச்சே என்று அழுகிறார். இந்தக் கடிதம் போதுமா?

தேவகோட்டை அண்ணன்
தம்பி, 106 நம்ம ஊர்க் கணக்கு இல்லை, பயப்படாதீங்க. கடிதம்கூடப் பெரிதாக வேண்டாம். மாத்திரை அட்டையைக் காட்டினாலே டாக்டர் புரிந்துகொள்வார்.

டாக்டர் ஆச்சி
நான் இங்கே இதயப் பிரிவில் இருக்கிறேன், இப்படிக் கடிதங்கள் நானும் எழுதுகிறேன். அண்ணன் அலகைச் சரியாகச் சொன்னார். 106ஐ 88.4ஆல் வகுத்தால் ஊரில் எழுதும் மில்லிகிராம் அலகில் 1.2. ஆண்களுக்கு இது நார்மலின் மேல் ஓரம். ஆஞ்சியோவுக்குப் போடும் டை கிட்னியைக் கொஞ்சம் பாதிக்கலாம் என்பதால் ஊரில் ஒருமுறை மறுபடி பார்த்துவிடுங்கள். கடிதத்தில் அலகையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆனால் அட்டை போதாது. மருந்தின் பெயர் அதில் இருக்கும், எதுவரை சாப்பிடுவது என்பது இருக்காது. ஹார்ட் அட்டாக்கிற்கு ஸ்டென்ட் வைத்தால் ஆஸ்பிரினும் டிகாக்ரெலார் போன்ற இன்னொரு மாத்திரையும் வழக்கமாக ஒரு வருடம் சேர்ந்து ஓடும். இடையில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைக்கலாம். பல் பிடுங்கப் போகும்போது இப்படி நிறுத்திவிடுவது உண்டு. யாரோ "ரத்தம் நிற்காது, நாலு நாள் நிறுத்துங்க" என்பார்கள். பல் பிடுங்க பொதுவாக நிறுத்தவே தேவையில்லை. அதனால் எந்தத் தேதியில், எந்தக் குழாயில், எந்த வகை ஸ்டென்ட், இரண்டாவது மாத்திரை எந்த மாதம் வரை, இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்று எல்லாம் கடிதத்தில் வேண்டும். மருந்தின் பொதுப்பெயரையும் கேளுங்கள், கம்பெனிப் பெயர் ஊரில் வேறாக இருக்கும்.

இன்னொன்று. டிகாக்ரெலார் சிலருக்கு மூச்சுவாங்கலைத் தரும். அந்த வரி இல்லையென்றால் ஊர் டாக்டர் இதயம் பலவீனமோ என்று தேடத் தொடங்கிவிடுவார். எக்கோவில் வந்த இ.எஃப். எண், அதாவது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு, இருந்தால் அவருக்கு ஒப்பிட எளிது.

கண்டனூர் மாப்பிள்ளை
எங்க மாமாவுக்கு இதே கடிதத்தை இன்சூரன்ஸ்காரர் ஏற்கவில்லை, அலைய விட்டார்கள்!

டாக்டர் ஆச்சி
அது க்ளெய்ம் படிவம், தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பள்ளத்தூரான்
ஆச்சி, இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். "இரண்டு மாத்திரையும் தொடரவும்" என்பதோடு நிற்கிறது, எதுவரை என்று இல்லை. அப்புறம், அப்பச்சிக்கு ஆறு வருடம் முன்பு குடல்புண்ணில் ரத்தம் போயிருக்கிறது. இங்கே யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

டாக்டர் ஆச்சி
அதை நாளைக்கே சொல்லுங்கள். வயிற்றுக்குக் கூடுதலாக ஒரு மாத்திரை எழுதலாம், இரண்டாவது மாத்திரையை மாற்றலாம், காலத்தைக் குறைக்கவும் செய்யலாம். எது என்பதை ஸ்டென்ட் வைத்தவர்தான் சொல்ல முடியும், நான் இங்கிருந்து சொல்லக்கூடாது. அவர் முடிவெடுத்த பிறகு கடிதத்தைத் திருத்தி வாங்குங்கள். ஆஞ்சியோ சி.டி.யையும் கேளுங்கள், மதுரையில் பார்க்க நேர்ந்தால் உதவும்.

பள்ளத்தூரான்
காலையில் ஒன்பது மணிக்கு க்ளினிக்கில் நிற்பேன் ஆச்சி. ஆத்தாவிடம் 1.2 என்று சொல்லிவிட்டேன், இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தார்.