‘நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

முகிலன் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

கைக்கடிகாரத்தைத் தொலைபேசியோடு இணைக்கும் ஒரு திறமூலச் செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டது. மற்ற செயலிகளுக்கு வரும் அறிவிப்புகளை எல்லாம் இந்தச் செயலி படிக்க வேண்டும் என்றால், பயனர் ஆண்ட்ராய்டு அமைப்புகளுக்குள் போய் ஓர் அனுமதியைத் தர வேண்டும். புதிய தொலைபேசிகளில் அந்தப் பக்கத்தின் பெயர் `Notification read, reply & control`. பழையவற்றில் `Notification access`.

எனக்கு முன்பு தமிழாக்கியவர் இதற்கு ‘அறிவிப்பு அனுமதி’ என்று போட்டிருக்கிறார். அதே கோப்பில், செயலி தன் சொந்த அறிவிப்பைத் திரையில் காட்டுவதற்கான `POST_NOTIFICATIONS` வரிக்கும் ‘அறிவிப்பு அனுமதி’ என்றே இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டும் சொல் வேண்டும். பொத்தானில் அடங்கும் அளவுக்குச் சுருக்கமாக இருந்தால் நல்லது.

சொக்கலிங்கம் எழுதியது:

தம்பி முகிலனுக்கு,

‘அனுமதி’ வடசொல். ‘இசைவு’ இருக்கும்போது அது எதற்கு? ‘அறிவிப்பு இசைவு’ என்று வைத்துவிடலாம். என் தொலைபேசியிலும் ஒவ்வொரு செயலியும் நிறுவியவுடன் இதைத்தான் கேட்கிறது. வேண்டாம் என்று அழுத்திவிட்டால் மணியோசைத் தொல்லை குறையும். கொடுத்தாலும் பெரிய கேடு இல்லை. இதற்குத் தனியாக இரண்டு சொல் தேவையா என்று யோசித்துக்கொள்ளவும்.

நிலா எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வது முகிலன் குறிப்பிட்ட இரண்டாவது அனுமதி. ஆண்ட்ராய்டு 13 முதல், ஒரு செயலி தன் அறிவிப்பை உங்களுக்குக் காட்ட உங்களிடம் கேட்டாக வேண்டும். கேள்வி சிறு பெட்டியாகத் திரையில் வரும். அதைக் கொடுப்பதால் உங்கள் தகவல் எதுவும் அந்தச் செயலிக்குப் போவதில்லை.

முகிலன் கேட்பது நேர் எதிரானது. உங்கள் வங்கி, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், மின்னஞ்சல் என எல்லாம் உங்களுக்குக் காட்டும் அறிவிப்புகளை மூன்றாவதாக ஒரு செயலி பெற்றுக்கொள்வது. 2013-இல் ஆண்ட்ராய்டு 4.3-உடன் இந்த வசதி வந்தது. இதைப் பொதுவாகச் சிறு பெட்டியில் கேட்க முடியாது. செயலி உங்களை அமைப்புகள் பக்கத்துக்கு அனுப்பும், நீங்கள்தான் சுவிட்சைப் போட வேண்டும். போட்டுவிட்டால், புதிய அறிவிப்பு வரும் ஒவ்வொரு முறையும் எந்தச் செயலியிலிருந்து, எப்போது, என்ன தலைப்பு, என்ன வாசகம் என்பது அதன் கைக்குப் போய்விடும். அதோடு அந்த அறிவிப்பை நீக்கவும், அதில் உள்ள பொத்தான்களை அழுத்தவும், ‘பதிலளி’ பெட்டியில் எழுதி அனுப்பவும் அதனால் முடியும்.

ஆகவே ‘படித்தல்’ என்று மட்டும் சொல்லும் எந்தச் சொல்லும் இங்கே பாதிதான் சொல்லும். ஆங்கிலத்திலேயே பக்கத்தின் பெயரை நீட்டியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அன்வர் எழுதியது:

நான் கலைச்சொல் அறிந்தவன் அல்லன். திருச்சியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் யுபிஐ வழியாகப் பணம் அனுப்பியதும் தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் செயலி ஒன்றைப் போட்டிருக்கிறேன். மாத வாடகைக்கு ஒலிபெருக்கிப் பெட்டி வாங்குவதைவிட இது எனக்கு வசதி. இந்த மடலைப் படித்த பிறகு பார்த்தேன், நிலா சொன்ன அதே பக்கத்தில் அந்தச் செயலி இருக்கிறது. அதே தொலைபேசியில்தான் என் வங்கிக் கணக்கின் ஓடிபியும் வருகிறது, வீட்டுப் பேச்சும் வருகிறது. அதை எடுத்துவிட வேண்டுமா? எடுத்தால் தொகை சொல்லாது.

கௌதமன் எழுதியது:

பயப்பட ஒன்றும் இல்லை, அன்வர் பாய். வாட்ஸ்அப் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டது, இடையில் யாராலும் படிக்க முடியாது. பூட்டுத்திரையில் உள்ளடக்கத்தை மறைத்துவிடுங்கள், போதும். ஆண்ட்ராய்டு 15 வந்த பிறகு ஓடிபியை மற்றச் செயலிகளுக்கு அதுவே மறைத்துவிடுகிறது.

நிலா எழுதியது:

கௌதமன் சொன்னதில் மூன்றாவது மட்டும் பாதி சரி. மற்ற இரண்டும் இங்கே உதவாது.

மறையாக்கம் காப்பது வழியில் போகும் செய்தியை. அது தொலைபேசிக்கு வந்து, பிரிக்கப்பட்டு, படிக்கும் வாசகமாக அறிவிப்பில் ஏறிய பிறகுதான் இந்த அனுமதி பெற்ற செயலி அதைப் பெறுகிறது. அனுப்பியவர் அழித்த செய்தியை மீட்டுக் காட்டும் செயலிகள் இப்படித்தான் இயங்குகின்றன. செய்தி வந்த நொடியிலேயே அறிவிப்பிலிருந்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கின்றன. பூட்டுத்திரை அமைப்பு, தொலைபேசியைப் பக்கத்தில் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு மட்டுமே மறைக்கும். இந்த அனுமதி பெற்ற செயலிக்கு முழு வாசகமும் போகும்.

ஓடிபி விஷயத்துக்கு ஒரு முன்கதை உண்டு. குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கூகுள் 2019-இல் பிளே ஸ்டோரில் இறுக்கியது. அதே ஆண்டு ஜூனில், பிடிசிடர்க் என்ற துருக்கி மறையீட்டு நாணயச் சந்தையின் பெயரில் வந்த போலிச் செயலிகளை ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்தது. அவை குறுஞ்செய்தி அனுமதியே கேட்கவில்லை, பிற செயலிகளின் அறிவிப்பைப் படிக்கும் அனுமதியைக் கேட்டன. போலிப் பக்கத்தில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு, ஓடிபி அறிவிப்பைப் படித்து அனுப்பின. பயனர் கவனிக்காதபடி அந்த அறிவிப்பை நீக்கவும், தொலைபேசியின் ஒலியை அடக்கவும் அவற்றால் முடிந்தது. குறுஞ்செய்தி அறிவிப்பில் எவ்வளவு வாசகம் அடங்குமோ அவ்வளவுதான் கிடைக்கும். ஓடிபி செய்தி குட்டையானது என்பதால் அதுவே போதுமாக இருந்தது.

‘பதிலளி’ வசதிக்கும் சான்று உண்டு. 2021 ஏப்ரலில் செக் பாயிண்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்திய ‘ஃபிளிக்ஸ் ஆன்லைன்’ என்ற செயலி, வாட்ஸ்அப் அறிவிப்பு வந்தவுடன் அதைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, பயனர் பெயரில் தன் இணைப்பைப் பதிலாக அனுப்பியது. அதுவும் பிளே ஸ்டோரிலேயே இருந்த செயலிதான்.

ஆண்ட்ராய்டு 15, ஒருமுறைக் குறியீடு என்று தான் அடையாளம் கண்ட அறிவிப்பின் வாசகத்தை மறைக்கிறது, உண்மை. ஆனால் உங்கள் கணக்கு இருப்பு, மருத்துவமனை முன்பதிவு, மகளின் செய்தி எதையும் அது மறைக்காது. கைக்கடிகாரத்துக்கு முறைப்படி இணைந்த செயலிக்கு விலக்கும் உண்டு. முகிலனின் செயலி அந்த வகைதான்.

அன்வர் அண்ணா, உங்களுக்கு: எடுக்க வேண்டியதில்லை, குறுக்கலாம். ஆண்ட்ராய்டு 12 முதல், அந்தப் பக்கத்தில் செயலியின் பெயரைத் தொட்டால் `See all apps` என்ற வரி இருக்கும். எல்லாத் தொலைபேசியிலும் அது ஒரே இடத்தில் இருக்காது, கொஞ்சம் தேட வேண்டும். அங்கே உங்கள் யுபிஐ செயலியை மட்டும் விட்டுவிட்டுக் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், வங்கி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பிறகு யாரையாவது ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். தொகை ஒலித்தால் அதற்கு அவ்வளவுதான் தேவை. ஒலிக்கவில்லை என்றால் அது அணைத்தவற்றில் ஒன்றை, பெரும்பாலும் வங்கியின் குறுஞ்செய்தியை, படித்துத்தான் தொகையைச் சொல்லிக்கொண்டிருந்தது என்று பொருள். அப்போது வேறு செயலி தேடுவது நல்லது.

இன்னொன்று. படித்ததை அது வெளியே அனுப்புகிறதா என்பது தனிக் கேள்வி. இணையத்தைப் பயன்படுத்த ஆண்ட்ராய்டு உங்களிடம் கேட்பதே இல்லை, நிறுவும்போதே கிடைத்துவிடும். பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் அனுமதிப் பட்டியலில் `full network access` இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரம் காட்டும் செயலி என்றால் கட்டாயம் இருக்கும். இருப்பதால் திருடுகிறது என்று ஆகிவிடாது, ஆனால் அனுப்ப வழி திறந்திருக்கிறது. இனி அனுமதியைப் பறித்தாலும் இதுவரை எடுத்துவைத்த பிரதி போகாது. செயலியின் தரவையும் அழிக்க வேண்டும், அதுகூடத் தொலைபேசியில் உள்ளதை மட்டுமே அழிக்கும்.

கணினியோடு இணைத்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு:

```
adb shell settings get secure enabled_notification_listeners
```

அனுமதி பெற்றவை முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு ஒரே வரியில் வரும். முகப்புத்திரைச் செயலி போன்ற தயாரிப்பாளரின் சொந்தச் செயலிகளும் அதில் இருக்கும். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

சொக்கலிங்கம் எழுதியது:

நான் வேறொன்றை மனத்தில் வைத்து எழுதினேன். இப்போது விளங்குகிறது. படிக்கிறது, நீக்குகிறது, பதில் எழுதுகிறது என்றால் அது ஆளுவதுதான். ‘அறிவிப்பாளுகை’ என்று ஒரே சொல்லாகப் புணர்த்தலாம். இலக்கணப்படி குறையில்லை, பொத்தானிலும் அடங்கும்.

முகிலன் எழுதியது:

ஐயா, புணர்ச்சி சரி. ஆனால் ‘அறிவிப்பாளுகை’ என்றதும் வானொலி அறிவிப்பாளர்தான் நினைவுக்கு வருகிறார். என் தங்கையிடம் காட்டினேன். ‘அறிவிப்பாளர் கை’ என்று பிரித்துப் படித்தாள்.

நிலா சொன்னதை வைத்து ‘அறிவிப்புக் கையாளுரிமை’ என்று போடலாமா?

கௌதமன் எழுதியது:

‘ஒட்டுக்கேட்பு அனுமதி’ என்றே வையுங்கள். நிரலில் அதன் பெயரே ‘லிஸனர்’ தானே. படிப்பவர் உடனே விழித்துக்கொள்வார்.

நிலா எழுதியது:

கௌதமன், முகிலனின் செயலி ஒட்டுக்கேட்கவில்லை. கடிகாரத்தில் செய்தியைக் காட்ட இதைத் தவிர அதற்கு வழியில்லை. அதன் திரையிலேயே ‘ஒட்டுக்கேட்க அனுமதி தாருங்கள்’ என்று எழுதினால் நல்ல செயலியை விரட்டுவோம். அன்வர் அண்ணா போட்டது போன்ற செயலியை எழுதியவரோ அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே மாட்டார். எச்சரிக்கை விளக்க வரியில் வரட்டும், பெயரில் வேண்டாம்.

‘உரிமை’யும் எனக்கு உடன்பாடில்லை, முகிலன். உரிமை என்றால் அந்தச் செயலிக்கே உரியது போல ஆகிவிடுகிறது. இது நாம் கொடுப்பது, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறுவது. அனுமதிதான் பொருத்தம். யாருடைய அறிவிப்பு என்பதும் பெயரில் இருந்தாக வேண்டும், அது விடுபட்டதால்தான் முதல் குழப்பமே வந்தது. ‘பிற செயலி அறிவிப்புகளைக் கையாள அனுமதி’ என்பது என் முன்மொழிவு.

சொக்கலிங்கம் எழுதியது:

அது சொல் அன்று, வாக்கியம். அகராதியில் எப்படி ஏற்றுவீர்கள்? ‘இசைவு’க்கும் யாரும் இன்னும் விடை சொல்லவில்லை.

அன்வர் எழுதியது:

யுபிஐ தவிர மற்றதை எல்லாம் அணைத்துவிட்டு, பக்கத்துக் கடைத் தம்பியை ஒரு ரூபாய் அனுப்பச் சொன்னேன். ஒலிக்கவில்லை. குறுஞ்செய்தியைத் திறந்துவிட்டதும் ஒலித்தது. செயலியை நீக்கிவிட்டேன், பெட்டிக்கே சொல்லியிருக்கிறேன். அதே பட்டியலில், என் மகன் போட்ட அழித்த செய்தி காட்டும் செயலி ஒன்றும் இருந்தது. அவனோடு பேச வேண்டும்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நிலா தங்கை எழுதிய நீளமான பெயர் அன்று திரையில் இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

முகிலன் எழுதியது:

இப்போதைக்கு அமைப்புகள் பக்கத்தில் நிலாவின் நீண்ட பெயரைப் போடுகிறேன். பொத்தானுக்கு ‘அறிவிப்புக் கையாளல்’. அகராதிப் பதிவைச் சொக்கலிங்கம் ஐயாவும் நிலாவும் உடன்படும்வரை காலியாக விடுகிறேன்.

இன்னொரு வரி மிச்சம். ஐபோனில் மற்றச் செயலிகளின் அறிவிப்பைப் படிக்க இதே போன்ற சுவிட்ச் கிடையாது. அதற்குப் பதில், புளூடூத் பட்டியலில் இணைந்த கடிகாரத்துக்கோ காருக்கோ நேரே `Share System Notifications` என்று இருக்கிறது. அங்கே போவது செயலிக்கு அல்ல, கருவிக்கு. அதற்கும் ‘கையாளல்’ பொருந்துமா, ‘பகிர்தல்’ என்றே விடலாமா?