அப்டேட்: சாட்பாட் தேடிப் படிக்கறதுக்காக டாகுமென்ட்ட வெட்டுற துண்டோட அளவு, அதாவது சங்க் சைஸ், அப்புறம் அடுத்தடுத்த துண்டுல ஒரே வரிங்க திரும்ப வர்ற ஓவர்லாப், இது ரெண்டும் பத்தி கேட்டிருந்தேன்ல

"எங்க வேளச்சேரி அபார்ட்மென்ட் பைலாஸ் முழுக்க தமிழ்ல இருக்கு, சாட்பாட்டுக்கு 500 டோக்கனா வெட்டுறேன், ஓவர்லாப் எவ்ளோ வைக்கணும்?"

டோக்கன்னா மாடல் எழுத்த உடைச்சுப் படிக்கிற சின்னச் சின்ன பிட்டு, அத பத்தி விளக்குன அண்ணன் சொன்னதுதான் மெயின் மேட்டர். நிறைய மாடல்ல ஒரு தமிழ் வார்த்தையே பல டோக்கனா உடையுது, அதனால 500ன்னு வச்சா இங்கிலீஷ விட ரொம்ப கம்மி விஷயம்தான் அடங்குது. "ரெண்டாவது காருக்கு இடம் கிடையாது" ஒரு துண்டுல, "மாற்றுத்திறனாளி இருக்குற வீட்டுக்கு இது பொருந்தாது" அடுத்த துண்டுல விழ, பாட் எல்லாருக்கும் கிடையாதுன்னே சொல்லுச்சு.

ஓவர்லாப்ப பாதிக்கு ஏத்துங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, ஏத்துனா அந்த விதிவிலக்கு வந்துருச்சு, ஆனா தேடி எடுக்குற 5 துண்டுலயும் திரும்பத் திரும்ப அதே வரிங்க, மத்த விதிக்கு இடமே இல்ல. இப்போ விதி எண் மாறுற இடத்துலதான் வெட்டுறேன், ரொம்ப நீளமான விதிய மட்டும் இன்னும் பிரிச்சு ரெண்டு வாக்கியம் ஓவர்லாப், ஒவ்வொரு துண்டு மேலயும் விதியோட தலைப்பு. தேடுறதுக்காக துண்டுகள எண்களா மாத்துற எம்பெடிங் மாடலோட லிமிட்டையும் பாத்துக்கோங்க, தாண்டுனா சிலது எர்ரரே காட்டாம மிச்சத்த விட்டுடும்.

ஸ்கேன் பிடிஎஃப் பத்தி கேட்ட அக்கா, உங்களுது படத்துலேர்ந்து எழுத்த எடுக்குற ஓசிஆர் பிரச்சனை, மொதல்ல எழுத்து சரியா வருதான்னு பாருங்க. எனக்கு மெயின்டனன்ஸ் டேபிள் மட்டும் இன்னும் சரியா வரல, யாராச்சும் பண்ணிருந்தா சொல்லுங்க.