காரைக்கால், ஜூலை 2022: அம்மாவுக்கு கழுநீர் மாதிரி பேதி, என்ன செய்வது? அவசரம்

அலைகரை (காலை 6.10)
காரைக்கால் பக்கம் கிராமம். காலரா என்று இங்கே சுகாதார அவசர நிலை அறிவித்திருக்கிறார்கள், எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அம்மாவுக்கு 52 வயது, எடை சுமார் 50 கிலோ. ராத்திரி மூணு மணியிலிருந்து ஏழு தடவை போய்விட்டது. வயிற்று வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அரிசி களைந்த கழுநீர் மாதிரி வெள்ளையாக, மேலே சின்னச் சின்ன சவ்வு மிதக்க, குழாயைத் திறந்த மாதிரி போகிறது. ரெண்டு முறை வாந்தியும் எடுத்தார். பக்கத்து கிளினிக்கில் ஐந்து மணிக்கு ஒரு ஊசி போட்டு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமா, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவா?

வேல்முருகன்_கடை
பயப்படாதீங்க தம்பி. உப்பு போட்ட கஞ்சித் தண்ணி கொடுங்க, நல்லது. ஆனா வாந்தி நிற்கும்வரை எதுவும் கொடுக்காதீங்க, கொடுத்தா இன்னும் வரும். பேதி நிறுத்துற மாத்திரை ஒண்ணு போட்டா மதியத்துக்குள் சரியாகிடும்.

வார்டு_அக்கா
கஞ்சித் தண்ணி சரி அண்ணா, மற்ற ரெண்டும் வேண்டாம். நிறுத்துகிற மாத்திரை போட்டால் காலராக் கிருமியின் நச்சு அடங்காது, தண்ணீர் குடலுக்குள்ளேயே தேங்கி வயிறு உப்பும், வெளியே குறைந்த மாதிரி தெரிந்து ஏமாந்துவிடுவோம். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, திரும்பக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும்.

அலைகரை, கையோடு இதைப் பாருங்கள்: கண் குழிந்திருக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே இறங்குகிறதா, மணிக்கட்டில் நாடி கிடைக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனார்?

அலைகரை (6.24)
கண் உள்ளே போயிருக்கிறது. தோல் கிள்ளிய இடம் கூடாரம் மாதிரி நின்று மெதுவாக இறங்குகிறது. நாடி ரொம்ப மெலிசு. குரல் கம்மிவிட்டது, கெண்டைக்கால் இழுக்குது என்கிறார். விரல் நுனியெல்லாம் ரொம்ப நேரம் துணி துவைத்த கை மாதிரி சுருங்கியிருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு அப்புறம் சிறுநீரே போகலை.

வார்டு_அக்கா
இப்பவே கிளம்புங்கள். 108 கூப்பிடுங்கள், ஆனால் வர நேரமாகும் என்றால் ஆட்டோவிலேயே போங்கள், காத்திருக்காதீர்கள். காலராவில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூடப் போய்விடும், உப்பும் அதோடு போகும். அதனால்தான் ஒரு பாட்டில் வெறும் குளுக்கோஸ் போதவில்லை. ஆஸ்பத்திரியில் ஆர்.எல். என்கிற உப்புச்சத்துள்ள டிரிப்ஸ் ஏற்றுவார்கள். 50 கிலோ ஆளுக்கு நிலைமை முற்றியிருந்தால் முதல் அரை மணியில் ஒன்றரை லிட்டர், அடுத்த ரெண்டரை மணியில் மூன்றரை லிட்டர், அதுதான் கணக்கு. போனதும் "எத்தனை தடவை, எப்போதிலிருந்து, சிறுநீர் இல்லை" இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள்.

வழியில் ஓ.ஆர்.எஸ். அம்மா நினைவாக, விழுங்கக்கூடியவராக இருந்தால் மட்டும் கொடுங்கள். மயங்கினால் வாயில் ஊற்ற வேண்டாம். பொட்டலத்தில் 200 மில்லிக்கா ஒரு லிட்டருக்கா என்று பாருங்கள், நிறைய பேர் லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள், உப்பு ஏறி ஆபத்தாகிவிடும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டுமே தலைதட்டி. அட்டைப் பெட்டியில் விற்கிற இனிப்பு பானம் வேண்டாம், சர்க்கரை கூடுதலாக இருந்தால் பேதி அதிகமாகும்.

மாடித்தொட்டி
எங்கள் தெரு தொட்டியில் குளோரின் வாசனையே வரவில்லை, எத்தனை மாத்திரை போடணும்?

வார்டு_அக்கா
தொட்டியின் அளவு தெரியாமல் சொல்ல முடியாது, ஊழியர்களையே கூப்பிடுங்கள். அதுவரை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

நாகூரான்
எங்கள் அத்தாவுக்கும் நேற்றிலிருந்து பேதி, ஆனால் சுகர் 280. சர்க்கரை போட்ட தண்ணீரை எப்படிக் கொடுப்பது?

வார்டு_அக்கா
சுகர் இருக்கிறது என்று ஓ.ஆர்.எஸ்.ஸை நிறுத்தாதீர்கள், அதிலுள்ள சர்க்கரைதான் உப்பையும் தண்ணீரையும் குடலிலிருந்து உடம்புக்குள் இழுத்துப் போகிறது. ஆனால் இப்போது சுகர் மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று நான் இங்கிருந்து சொல்லக்கூடாது. அவரையும் இன்றே காட்டுங்கள்.

அலைகரை (மாலை 5.40)
108க்கு நிற்காமல் ஆட்டோவில் கிளம்பினோம், நாற்பது நிமிஷம். வழியில் முக்கால் லிட்டர் உள்ளே போயிருக்கும், ஒரு தடவை வாந்தி. போனவுடன் ரெண்டு கையிலும் ஊசி குத்தி ஆர்.எல். ஏற்றினார்கள். நடுவில் ஓட்டை போட்ட கட்டில், கீழே அளவுக்கோடு போட்ட வாளி, போகிற அளவைப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள், டாக்சிசைக்ளின் என்று சொன்னார்கள். ரெண்டரை மணிக்கு அம்மா "பாத்ரூம் போகணும்" என்றார், சிறுநீர்தான்! குரலும் திரும்பிவிட்டது. பேதி இன்னும் நிற்கவில்லை, ஒவ்வொரு தடவை போன பிறகும் ஒரு பெரிய டம்ளர் ஓ.ஆர்.எஸ். குடிக்கச் சொல்கிறார்கள்.

எந்தத் தண்ணீரில் வந்தது என்று தெரியவில்லை. வீட்டில் தம்பிக்கும் வயிறு சரியில்லை என்கிறான், இப்போது அவனைக் கூட்டிவரப் போகிறேன்.