புதுப்பிப்பு: கலங்கிய நீர் வீடியோவில் மீன் எண்ணுவது

முன்பு நான் கேட்டது: "ஒரே மீன் திரும்பத் திரும்ப வருகிறது, நீரும் கலங்கல். எப்படி எண்ணுவது?"

ஒவ்வொரு மீனுக்கும் ஓர் எண் கொடுத்துப் பின்தொடரும் டிராக்கிங் போதும் என்றார் ஒருவர். பாதிதான் சரி. ஃபிரேமை விட்டுப் போன மீன் திரும்பி வந்தால் புது எண் விழுகிறது. ஒரு மணி நேரத்தில் 41 காட்டியது. வால் நுனி கிழிந்த மீன் மட்டுமே ஒன்பது முறை! இன்னொருவர் தொட்டிக்கு வடிகட்டி சொன்னார். என்னுடையது கடலடி கேமரா.

அனுபவசாலி ஒருவர் சொன்ன வழிதான் கைகொடுத்தது. ஒரு இனத்தில், ஒரே ஃபிரேமில் அதிகபட்சம் எத்தனை தெரிகிறதோ அதை மட்டும் எடுப்பது. 7 வந்தது. குறைந்தது ஏழு மீன் என்று உறுதியாகச் சொல்லலாம்.

அப்புறம், கேமராவுக்கு முன் 1.5 மீட்டரில் கோடு போட்ட கம்பி நட்டேன். கோடு மங்கிய நிமிடங்களை விட்டுவிடுகிறேன், கம்பிக்கு அப்பால் எண்ணுவதில்லை. ஆனால் மீன் கம்பிக்கு இப்பாலா அப்பாலா என்பது ஒற்றைக் கேமராவில் இன்னும் குழப்பம்தான்.