தீபாவளிக்குக் கடை மூடுகிறோம்: இரண்டு வரியில் எதை முதலில் போடுவது?

மளிகைக்கடை மகள்: சுங்கை சிப்புட்டில் அம்மாவின் மளிகைக் கடை. இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. திங்களும் பதில் விடுமுறை, அதனால் இரண்டு நாள் மூடிவிட்டு செவ்வாய் காலை ஏழு மணிக்குத் திறப்போம். அம்மா எழுதித் தந்தது: "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, தீபாவளியை முன்னிட்டு நாளை மறுநாள் முதல் செவ்வாய் வரை கடை விடுமுறை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." இது போதுமா? வாட்ஸ்அப்பிலும் அனுப்பணும், கடையிலும் ஒட்டணும்.

அஞ்சடிக்காரன்: போதாது தங்கச்சி. "செவ்வாய் வரை விடுமுறை" என்றால் செவ்வாயும் மூடியிருக்கும் என்றுதான் பாதிப் பேர் படிப்பார்கள், அன்றைக்கு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். "வரை" என்ற பேச்சே வேண்டாம், மூடும் தேதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, திறக்கும் நாளையும் மணியையும் தனியாகப் போடுங்கள். "நாளை மறுநாள்" இன்னும் மோசம். வெள்ளிக்கிழமை நீங்கள் அனுப்புவதை ஒருத்தர் சனிக்கிழமை தோட்டத்துக் குழுவில் தள்ளிவிட்டால், அங்கே படிப்பவருக்கு அது திங்கள் ஆகிவிடும்.

பழைய ஆசிரியர்: தேதி சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வணக்கத்தையும் வாழ்த்தையும் வெட்டச் சொல்லாதீர்கள். வருஷக் கணக்காகக் கடன் புத்தகத்தில் எழுதி வாங்கும் குடும்பங்களுக்கு அரசாங்க நோட்டீஸ் மாதிரி ஒட்டினால் மனசு சுருங்கும். முதலில் மரியாதை, அப்புறம் செய்தி.

அஞ்சடிக்காரன்: ஐயா, வெட்டச் சொல்லவில்லை, கடைசிக்குத் தள்ளச் சொல்கிறேன். கைப்பேசியைத் திறக்காமலே மேலே தெரியும் துண்டில் ஆரம்பச் சொற்கள்தான் வரும், அந்த இடத்தை "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, தீபாவளியை முன்னிட்டு" தின்றுவிடுகிறது. தோட்டத்திலிருந்து மோட்டாரில் வருபவருக்கு வேண்டியது தேதி. இன்னொன்று, மூடுவதற்கு முந்தின நாள் எத்தனை மணி வரை கடை இருக்கும் என்று யாரும் எழுதுவதே இல்லை! ஏழாம் தேதிக்குள் சம்பளம் வந்தாக வேண்டும், அன்றைக்குத்தான் சனிக்கிழமையும், மறுநாள் தீபாவளி. எண்ணெய், மாவு, கேஸ் எல்லாம் அந்த ராத்திரிதான் வாங்குவார்கள். சனி எத்தனை மணிக்குச் சாத்துவீர்கள்?

மளிகைக்கடை மகள்: பத்து மணிக்கு அண்ணா.

அஞ்சடிக்காரன்: அப்படியென்றால் இப்படி:

"நவம்பர் 8 ஞாயிறு, 9 திங்கள் கடை மூடியிருக்கும், 7 சனி இரவு 10 மணி வரை வாங்கலாம்.
10 செவ்வாய் காலை 7 மணிக்குத் திறப்போம். அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள்."

தேதியோடு கிழமையும் இருப்பதால் ஒன்றைத் தப்பாக அடித்தாலும் படிப்பவர் பிடித்துவிடுவார், கேட்டும் விடுவார்.

ரொட்டிக்கடை: எல்லாத்தையும் ஸ்டேட்டஸில் போட்டால் முடிந்தது, நான் அப்படித்தான். நோன்பு மாதத்தில் சாயங்காலம் நாலு மணிக்குத் திறப்போம், ஸ்டேட்டஸ் போட்டேன், ஆனாலும் காலையில் வந்து கதவைத் தட்டினார்கள். ஏன்னே தெரியலை.

அஞ்சடிக்காரன்: ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும். உங்கள் எண்ணைச் சேமித்து வைக்காதவருக்கு அது தெரியவும் தெரியாது, பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினாலும் அவருக்குப் போகாது. உங்களுடையது விடுமுறை இல்லை, நேர மாற்றம். அதற்கு எந்த நாளிலிருந்து, எந்த நாளில் பழைய நேரத்துக்குத் திரும்புவீர்கள் என்ற இரண்டும் வேண்டும். இரண்டாவதை விட்டால் பெருநாள் முடிந்தும் காலையில் ஆள் வராது.

செம்பனைத்தோட்டம்: எங்கள் பக்கம் ஒரு கடையில் இரும்பு ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பகலில் ஷட்டர் மேலே சுருண்டு போனதும் காகிதமும் கூடவே போய்விட்டது, மூடின பிறகுதான் எல்லாரும் படித்தார்கள். காசு கட்டும் மேசையில் ஒன்று, அஞ்சடித் தூணில் ஒன்று ஒட்டுங்கள் அக்கா. நவம்பர் மழைக்கு மை ஓடிவிடும், பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். பங்களாதேஷ், இந்தோனேசியா ஆட்களும் வாங்குவார்களே, அதையே மலாயிலும் கீழே எழுதி, தேதி எண்களை மட்டும் பெரிதாக எழுதினால் எல்லாருக்கும் புரியும்.

பழைய ஆசிரியர்: மலாய் சேர்த்தால் நாலு வரி ஆகிறது, அப்போது ஒரு வணக்கத்துக்கும் இடம் உண்டு. காகிதத்திலாவது மேலே "வணக்கம்" இருக்கட்டும்.

மளிகைக்கடை மகள்: வாட்ஸ்அப்புக்கு அண்ணன் எழுதினதையே அப்படியே அனுப்புகிறேன், வியாழன் ஒரு முறை, சனி காலை ஒரு முறை. காகிதத்தில் அம்மா வணக்கத்தை விடமாட்டார்கள், சின்ன எழுத்தில் போட்டுவிடலாம். கடன் புத்தகக் குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்லணுமா, இதுவே போதுமா?

பழைய ஆசிரியர்: அவர்களுக்கு உங்கள் அம்மாவையே வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

அஞ்சடிக்காரன்: சொல்லட்டும், ஆனால் புத்தகத்தில் எழுதும்போதே அந்தக் காகிதத்தையும் காட்டிவிடட்டும். வாயால் மட்டும் சொன்னால் வீட்டில் போய் வேறு தேதி சொல்வார்கள்.